48 பீஸ் என்று ஏன் எழுதுகிறார்கள்?

அறந்தாங்கியில் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கும் என் மாமா காலையில் கடை திறந்ததும் வாட்ஸ்அப்பைத்தான் பார்ப்பார். திருப்பூர் மொத்த வியாபாரக் குழுக்கள் நாலைந்தில் அவர் இருக்கிறார். விடிவதற்குள் நாற்பது ஐம்பது பதிவுகள் வந்து குவிந்திருக்கும். அதில் ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டால் அப்படியே எனக்கு அனுப்பிவிட்டு உடனே போன் செய்வார்.

"மாப்ள, இது நம்பலாமா?"

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டு ஆர்டர், உள்ளூர் ஆர்டர் இரண்டிலும் நூல் வாங்குவது முதல் பெட்டி கட்டுவது வரை கூடவே நின்றிருக்கிறேன். அதனால்தான் மாமா என்னைக் கேட்கிறார். போன ஆவணியில் அவர் அனுப்பிய பதிவு இது:

ரவுண்ட் நெக் டி-ஷர்ட்
100% காட்டன், 180 ஜிஎஸ்எம், பயோ வாஷ்
8 கலர், சைஸ் எம் முதல் டபுள் எக்ஸ்எல் வரை
MOQ 48 பீஸ்
விலை ரூ.165 + ஜிஎஸ்டி
24 மணி நேரத்தில் டிஸ்பாட்ச்

மொத்தமே ஆறு வரி. கடைக்காரர்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள், அடுத்து போட்டோவை. நான் படிப்பது வேறு மூன்று வரிகளை: எத்தனை பீஸ், என்ன துணி, எப்போது அனுப்புவார்கள். அந்த மூன்றும் திருப்பூரில் ஒரு மேஜையிலோ ஒரு சாயத் தொட்டியிலோ ஒரு நாட்காட்டியிலோ போய் முடியும். எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டால் பதிவு போட்டவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கட்டிங் மேஜையில் பிறக்கும் எண்

MOQ என்றால் குறைந்தது இத்தனை பீஸ் எடுத்தால்தான் கொடுப்போம் என்று அர்த்தம். மாமா கையில் அன்றைக்குப் பத்தாயிரம் ரூபாய் இருந்தது. 48 பீஸ் 165 ரூபாய்க்கு என்றால் 7,920. ஜிஎஸ்டி 5 சதவீதம் 396. ஆக 8,316 ரூபாய். கைக்கு அடங்குகிற தொகைதான்.

"அவசரப்படாதீங்க மாமா. 48 மொத்தத்துக்கா, ஒரு கலருக்கா?"

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. கலருக்கு 48 என்றால் எட்டுக் கலருக்கு 384 பீஸ். வரியோடு சேர்த்து 66,528 ரூபாய். ஒரே பதிவு, ஒரே எண். எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தொகை எட்டு மடங்கு மாறுகிறது. மொத்தப் பதிவுகளைப் பார்த்து ஆர்டர் போட்டவர்களுக்கு வரும் முதல் தகராறு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதுகிறவருக்கு அது தினமும் புழங்குகிற எண், விளக்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை.

மாமாவைக் கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: எட்டுக் கலர், கலருக்கு ஆறு பீஸ், அதில் எம் 1, எல் 2, எக்ஸ்எல் 2, டபுள் எக்ஸ்எல் 1. எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி, அதுதான் 48.

அந்த 1-2-2-1 கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கட்டிங் மாஸ்டர் நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பார். மேல் அடுக்கின் மீது எந்தச் சைஸ் எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்ட தாள் வரும். துணி வீணாகாமல் இருக்கப் பெரிய சைஸின் இடைவெளியில் சின்ன சைஸின் கையைச் சொருகிக் கோடு போடுவார்கள். எம் ஒன்று, எல் இரண்டு, எக்ஸ்எல் இரண்டு, டபுள் எக்ஸ்எல் ஒன்று என்று அந்தத் தாளில் ஆறு டி-ஷர்ட் அடங்கினால், விரித்த ஒவ்வொரு அடுக்கும் அதே விகிதத்தில் ஆறு பீஸைத்தான் கொடுக்கும்.

180 ஜிஎஸ்எம் துணியில் பெரியவர்கள் டி-ஷர்ட் ஒன்றுக்கு, வெட்டுச் சேதாரம் சேர்த்து, ஏறக்குறைய 225 கிராம் துணி போகும். ஆறு பீஸ் கொண்ட ஒரு அடுக்குக்கு 1.35 கிலோ. 22 கிலோ எடையுள்ள ஒரு ரோலை விரித்தால் பதினாறு அடுக்கு வரும். அதாவது ஒரு கலர் ரோலில் 96 பீஸ். பெட்டிக்கு ஒரு கலரில் ஆறு பீஸ் என்றால் அந்த ரோல் பதினாறு பெட்டிகளுக்குப் பங்காகிறது.

இது புரிந்தால் கடைக்காரருக்கு இரண்டு விஷயம் தெளிவாகிவிடும். ஒன்று, "எனக்கு எக்ஸ்எல் மட்டும் 48 கொடுங்க" என்று கேட்டால் தயாரிப்பாளர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது. அவர் எக்ஸ்எல்லை எடுத்துக் கொடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் எம்மும் டபுள் எக்ஸ்எல்லும் சைஸ் உடைந்த சரக்காகிவிடும். அதை முழு விலைக்கு எந்தக் கடையும் எடுக்காது. எக்ஸ்எல் மட்டும் வேண்டும் என்கிறவரிடம் அவர் கூடுதல் விலை கேட்பது அந்த மிச்சத்துக்கான விலை.

இரண்டாவது, சைஸை உடைப்பதுதான் கஷ்டம், கலரை மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை. எட்டுக் கலரில் கடுகு மஞ்சள் அறந்தாங்கியில் ஓடாது என்பது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். பெட்டியில் ஆறு பீஸ் மஞ்சள் என்றால் எட்டில் ஒரு பங்குப் பணம் அலமாரியில் முடங்கும். மஞ்சளுக்குப் பதில் கறுப்பில் இன்னொரு ஆறு கேட்டால், விகிதம் கெடாது. கறுப்பு ரோல் ஸ்டாக்கில் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். மாமா அப்படித்தான் கேட்டார். மஞ்சளும் ஊதாவும் போய், கறுப்பும் கருநீலமும் பன்னிரண்டு பன்னிரண்டாக வந்தன.

சொந்தக் கலர் கேட்டால் கணக்கே வேறு

இதே பதிவின் அடியில் சில நேரம் இன்னொரு வரி இருக்கும்: "கஸ்டம் கலர், MOQ 400". ஸ்டாக்குக்கு 48 கேட்பவர் சொந்தக் கலருக்கு 400 ஏன் கேட்கிறார் என்று மாமாவுக்குக் கோபம். பள்ளிக்கூடம் ஒன்று விளையாட்டு விழாவுக்குப் பச்சை நிறத்தில் 250 டி-ஷர்ட் கேட்டிருந்தது.

இந்த 400 பிறப்பது சாயப்பட்டறையில். பின்னி வந்த வெள்ளைத் துணியைச் சாயம் ஏற்றும் மெஷினில் போடுவார்கள். ஒரு மெஷினுக்கு இத்தனை கிலோ என்று கொள்ளளவு உண்டு. 100 கிலோ மெஷின் என்றால் 100 கிலோ போட்டால்தான் தண்ணீரும் நீராவியும் சாயமும் கட்டுப்படியாகும். 100 கிலோ உள்ளே போனால் சாயம், சலவை, சுருக்கு நீக்கும் காம்பாக்டிங் எல்லாம் முடிந்து 92, 93 கிலோ வெளியே வரும். டி-ஷர்ட்டுக்கு 225 கிராம் என்று வகுத்தால் நானூறுக்குச் சற்று மேல். அந்த 400 அவர் பேராசையில் பிறந்த எண் அல்ல, தொட்டியின் அளவு.

சின்ன மெஷின்களும் திருப்பூரில் இருக்கின்றன. அவற்றில் ஏற்றினால் 250 பீஸுக்கான துணியும் வாங்கலாம். ஆனால் கிலோவுக்குச் சாயக்கூலி ஏறும். இன்னொரு எல்லையும் உண்டு. கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியை உடல் துணியோடு ஒரே லாட்டில் சாயம் ஏற்ற வேண்டும். தனித்தனியாக ஏற்றினால் கழுத்து ஒரு பச்சை, உடம்பு ஒரு பச்சை என்று வெயிலில் பளிச்சென்று தெரியும். அதே காரணத்தால், இன்றைக்கு 250 வாங்கிவிட்டு மூன்று மாதம் கழித்து "அதே பச்சையில் இன்னும் 50" என்று கேட்டால் அச்சு அசலாக வராது. பள்ளிக்கூட ஆர்டருக்குப் பத்துப் பதினைந்து பீஸ் கூடுதலாக முதல் லாட்டிலேயே எடுத்து வைக்கச் சொன்னேன். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வேறு பச்சை கொடுக்க முடியாது.

தட்டான் தராசில் ஒரு கைக்குட்டைத் துணி

துணி பற்றிய வரிக்கு வருகிறேன். மாமா ஒரு முறை அடிபட்டது இதில்தான்.

இரண்டு வருடம் முன்பு, என்னிடம் கேட்காமல், "180 ஜிஎஸ்எம் ப்யூர் காட்டன்" என்ற பதிவை நம்பி வேறொரு இடத்தில் 144 டி-ஷர்ட் எடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே மாதத்தில் வாடிக்கையாளர்கள் திரும்ப வந்தார்கள். ஒரு பெரியவர் துவைத்த டி-ஷர்ட்டைக் கவுன்டரில் விரித்துப் போட்டுவிட்டு, "இதை என் பேரனுக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நீளம் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது. பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து முறுக்கிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்து ஊருக்குப் போனபோது ஒரு பீஸைக் கையில் எடுத்தேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற எடை. கம்பெனிகளில் இதற்கென்றே வட்டக் கத்தி இருக்கும். 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை அச்சாக வெட்டித் தரும். அதை நிறுத்து நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். கத்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டினாலும் அதே 100 சதுர சென்டிமீட்டர்தான். துணியை இழுக்காமல், சுருக்கமில்லாமல் விரித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும்.

வெட்டிய துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் நகை வேலை செய்யும் தட்டாரிடம் போனோம். அவர் தராசு மில்லிகிராம் காட்டும். கண்ணாடிக் கூண்டைத் திறந்து தட்டின் மேல் துணியை வைத்தார். 1.52 கிராம். நூறால் பெருக்கினால் 152. பதிவில் 180 என்று எழுதியிருந்தது.

பின்னலில் ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருப்பதைத் தொழிலில் ஏற்றுக்கொள்வார்கள். 180 என்று சொன்னால் 171 முதல் 189 வரை வரலாம். 152 அந்த எல்லையில் இல்லை. ஒரு பீஸுக்கு முப்பத்தைந்து கிராம் துணி குறைகிறது. 144 பீஸில் ஐந்து கிலோ துணி. அதற்கான காசை மாமா கொடுத்திருந்தார், துணி வரவில்லை.

அதிலிருந்து அவர் கற்றுக்கொண்ட வழக்கம் இது: எந்தப் பதிவாக இருந்தாலும் முதலில் காசு கொடுத்து இரண்டு சாம்பிள் வாங்குவார். ஒன்றை வெட்டிப் பார்ப்பார், இன்னொன்றைத் துவைத்துப் பார்ப்பார். இந்த முறை வந்த சாம்பிள் தட்டாரின் தராசில் 1.76 காட்டியது. 176. பதிவில் எழுதியதற்குள் அடங்குகிறது.

துவைத்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, நெஞ்சுப் பக்கத்தில் நீளவாக்கில் 40 சென்டிமீட்டர், அகலவாக்கில் 40 சென்டிமீட்டர் அளந்து, முனைகளில் வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு வைக்க வேண்டும். வீட்டில் துவைக்கிற மாதிரியே துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் சமதளத்தில் விரித்துக் காயவைக்க வேண்டும். தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீளம் இழுபடும், சுருக்கம் தெரியாது. காய்ந்த பிறகு 40 என்பது 38 ஆகியிருந்தால் ஐந்து சதவீதச் சுருக்கம். அதுவரை பொறுக்கலாம். 37-க்குக் கீழே போனால் வாங்காதீர்கள். 28 அங்குல டி-ஷர்ட் எட்டு சதவீதம் சுருங்கினால் இரண்டேகால் அங்குலம் போய்விடும். பெரியவர் கோபப்பட்டது அந்த அளவுக்குத்தான். அப்போதே பக்கத் தையலையும் பாருங்கள். கீழ் மடிப்பில் தையல் பக்கத்தை விட்டு முன்னே நகர்ந்திருந்தால் நூலின் முறுக்கை அடக்காமல் துணியை அவசரமாக முடித்திருக்கிறார்கள்.

காட்டன் என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

பதிவுகளில் துணியின் பெயர் பல விதமாக வரும். டி-ஷர்ட்டுக்குச் சாதாரணமாகப் போடுவது சிங்கிள் ஜெர்சி. மொத்தச் சந்தையில் இதையே சிங்கர் என்பார்கள். காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கு மேலே சின்னச் சின்னப் பொட்டு மாதிரி தெரியும் பிக்கே. குழந்தை உடைக்கு இரண்டு பக்கமும் வழவழப்பான இன்டர்லாக். குளிருக்கு உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் ஃப்ளீஸ். இந்தப் பெயர்கள் பின்னல் எப்படி என்பதைத்தான் சொல்கின்றன. நூல் பருத்தியா பாலியெஸ்டரா என்பதைச் சொல்வதில்லை. இன்டர்லாக் பருத்தியிலும் வரும், பாலியெஸ்டரிலும் வரும்.

"சாஃப்ட் காட்டன்", "காட்டன் ஃபீல்", "காட்டன் ரிச்" என்று வந்தால் நான் நின்று படிப்பேன். பாலியெஸ்டர் கலந்த துணியைத் தவறு என்று சொல்லவில்லை. அது சுருங்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் பருத்தி விலைக்கு அதை வாங்கக் கூடாது. ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி தாள் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். கலப்பு நூலில் எரிந்த சாம்பலுக்கு நடுவே அந்த உருண்டை கையில் படும். எத்தனை சதவீதம் என்று இதில் தெரியாது. கலப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

பயோ வாஷ் என்ற சொல்லும் இப்படித்தான். பருத்தித் துணியின் மேல் நுண்ணிய இழைகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். செல்லுலேஸ் என்ற நொதியைத் தண்ணீரில் கலந்து துணியை அதில் ஓட்டினால் அந்த முடிகள் அற்றுப்போகும். துணி வழவழப்பாகும், துவைக்கத் துவைக்க உருண்டை கட்டுவது குறையும். நொதி கடிப்பது பருத்தியின் செல்லுலோஸைத்தான். பாலியெஸ்டரில் அதற்கு வேலையே இல்லை. ஆகவே "பாலியெஸ்டர், பயோ வாஷ்" என்று ஒரு பதிவு சொன்னால், எழுதியவருக்குத் துணி தெரியவில்லை, அல்லது யாரோ எழுதியதை எடுத்துப் போட்டிருக்கிறார்.

"எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். ஏற்றுமதி ஆர்டரில் பழுதாகும் பீஸுக்கு ஈடாகச் சில சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். அதில் மிஞ்சுவதுதான் சர்ப்ளஸ். மிச்சம் என்பதால் சைஸ் வரிசையாக இருக்காது, கலர் முழுதாக இருக்காது, தீர்ந்தால் திரும்ப வராது. "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், எல்லா சைஸும் எல்லாக் கலரும் எப்போதும் கிடைக்கும்" என்று எழுதியிருந்தால் அது சர்ப்ளஸ் இல்லை. உள்ளூருக்கென்றே தைத்த சரக்கு. தரம் நன்றாகவே இருக்கலாம், அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

விலையை வைத்தும் ஒரு கணக்குப் போடலாம். சாயம் போட்ட பருத்தித் துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 225 கிராமுக்கு 90 ரூபாய் துணிக்கே ஆகிறது. அதற்கு மேல் வெட்டுக்கூலி, தையல்கூலி, செக்கிங், அயர்னிங், பாலித்தீன் கவர், அட்டைப்பெட்டி, லாபம். அன்றைய துணி விலையைக் கேட்டு இப்படிப் பெருக்கிப் பார்த்தால், 180 ஜிஎஸ்எம் பருத்தி டி-ஷர்ட்டை 85 ரூபாய்க்குத் தருகிறேன் என்பவர் துணியிலோ எடையிலோ வார்த்தையிலோ எங்கோ குறைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

டிஸ்பாட்ச் என்றால் சரக்கு அவர்கள் குடோனை விட்டுக் கிளம்புவது. உங்கள் கடைக்கு வந்து சேர்வது அல்ல. 24 மணி நேரக் கணக்கு பணம் அவர்கள் வங்கிக் கணக்கில் ஏறிய நேரத்திலிருந்து ஓடும். மாமா சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பணம் அனுப்பினார். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். மாலையில் கணக்கு முடித்துக் கூலி கொடுப்பதில்தான் எல்லோரும் இருப்பார்கள். ஞாயிறு விடுமுறை. திங்கள் மதியம் பெட்டி லாரி ஆபீஸுக்குப் போனது, புதன் காலை அறந்தாங்கிக்கு வந்தது. சொன்னபடிதான் அனுப்பினார்கள். ஆனால் மாமா ஞாயிறு இரவே கடையில் அலமாரியைக் காலி செய்து வைத்திருந்தார்.

லாரியில் போட்டதும் எல்ஆர் என்ற ரசீது கிடைக்கும். அதன் போட்டோ வந்தால்தான் டிஸ்பாட்ச் நடந்தது என்று அர்த்தம். "அனுப்பியாச்சு சார்" என்ற குரல் செய்தியை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வண்டி வாடகை யார் தருவது என்பதும் எல்ஆரில் இருக்கும். "டு பே" என்றிருந்தால் சரக்கை எடுக்கும்போது நீங்கள்தான் கட்ட வேண்டும். 165 ரூபாய்க்கு மேல் அதையும் பீஸுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சேர்த்தால்தான் உங்கள் அடக்க விலை வரும்.

பள்ளிக்கூடத்துப் பச்சை டி-ஷர்ட் ஸ்டாக்கில் இருந்து எடுப்பது இல்லை என்பதால் அதன் நாள் கணக்கு வேறு. தயாரிப்பாளர் 15 நாள் என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். பள்ளிக்கூடம் கொடுத்த பச்சைக்குச் சின்னத் துண்டில் சாயம் ஏற்றிக் காட்டி ஒப்புதல் வாங்க மூன்று நாள். நூல் வாங்கிப் பின்ன மூன்று நாள், இதை ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதே செய்துவிடலாம். சாயப்பட்டறையில் ஆறு நாள். காம்பாக்டிங் ஒரு நாள். வெட்ட ஒரு நாள். நெஞ்சில் பள்ளிப் பெயர் அச்சிட இரண்டு நாள். தைக்க மூன்று, செக்கிங், அயர்னிங், பேக்கிங் இரண்டு. எல்லாம் தடையில்லாமல் ஓடினாலே 18 நாள்.

இதில் எந்த இடத்தில் நாள் நழுவும் என்று கேட்டால் சாயப்பட்டறையைத்தான் சொல்வேன். திருப்பூரில் ஒரே கூரைக்கு அடியில் எல்லாம் நடப்பது பெரிய கம்பெனிகளில் மட்டும்தான். உள்ளூர் சந்தைக்குத் தைப்பவர் பின்னலை ஒருவரிடமும் சாயத்தை ஒருவரிடமும் தையலைப் பவர் டேபிள்காரர் ஒருவரிடமும் கொடுத்து வாங்குவார். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை. நொய்யலுக்கு அது வேண்டியதுதான். சுத்திகரிக்க முடிகிற அளவுக்குத்தான் இன்று சாயம் ஏற்ற முடிகிறது. பண்டிகைக்கு முன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது சின்ன லாட் பின்னால் தள்ளப்படும்.

பள்ளி விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. மாமாவிடம், "15 நாள் என்று அவர் சொன்னதை வைத்துப் பள்ளிக்கு வாக்குக் கொடுக்காதீங்க, 25 நாள்னு சொல்லுங்க" என்றேன். சரக்கு 22-ஆம் நாள் கிளம்பியது. சாயத்தில் நான்கு நாள் காத்திருந்ததாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கணக்கு இன்னும் மாறும். வெளி மாவட்ட, வெளி மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் வரை தையல் மெஷின்கள் பாதி சும்மா நிற்கும். அந்த வாரங்களைத் தொட்டு வரும் ஆர்டருக்கு எந்தப் பதிவின் நாள் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவு போட்டவர் தைப்பவரா?

ஒரே போட்டோ மூன்று குழுக்களில் மூன்று விலையில் வருவதை மாமா காட்டியிருக்கிறார். தைப்பவர் போட்ட பதிவை இடைத்தரகர்கள் விலை ஏற்றி மறுபடி போடுகிறார்கள். தரகரிடம் வாங்குவதில் குற்றமில்லை, பலர் நேர்மையாகவே செய்கிறார்கள். ஆனால் மஞ்சளுக்குப் பதில் கறுப்பு கேட்டாலோ பழுது வந்தாலோ முடிவு அவர் கையில் இருக்காது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதினைந்து எழுத்து எண்கள், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். services.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் போட்டால் பதிவுப் பெயரும், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும், என்ன தொழில் என்று பதிந்திருக்கிறார் என்பதும் வரும். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பணம் அனுப்பாதீர்கள், எந்தக் காரணம் சொன்னாலும் சரி. பிறகு, "இப்போ கட்டிங் மேஜையை வீடியோ கால்ல காட்டுங்க" என்று கேளுங்கள். தைப்பவருக்கு அது பத்தடி தூரம்.

பதிவு எழுதும் தயாரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். மாமா அன்றைக்குக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அந்தக் கம்பெனிக்காரர், அடுத்த மாதம் தன் பதிவை மாற்றி எழுதினார்:

ரவுண்ட் நெக், 100% காட்டன் சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம் (5% முன்பின்), பயோ வாஷ், சுருக்கம் 5 சதவீதத்துக்குள்
ஒரு பெட்டி 48 பீஸ்: 8 கலர், கலருக்கு எம் 1, எல் 2, எக்ஸ்எல் 2, டபுள் எக்ஸ்எல் 1. ஸ்டாக் இருந்தால் கலர் மாற்றலாம், சைஸ் மாற்ற முடியாது
சொந்தக் கலர் 400 பீஸ், சாயம் ஒப்புதலுக்குப் பின் 20 வேலை நாள்
ஸ்டாக் சரக்கு: பணம் வந்த மறு வேலை நாள் டிஸ்பாட்ச், எல்ஆர் அனுப்புவோம், லாரி வாடகை டு பே
சாம்பிள் 2 பீஸ், விலைக்கு

நீளம் கூடியிருக்கிறது. ஆனால் போனில் வந்த கேள்விகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று அவரே மாமாவிடம் சொன்னாராம்.

மாமா கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத் துணிகளை அதில் ஒவ்வொரு பக்கத்திலும் பின் அடித்து வைத்திருக்கிறார். துணிக்கு அடியில் தேதி, பதிவில் சொன்ன எடை, தட்டார் தராசு காட்டிய எடை, துவைத்த பிறகு அளவு, எல்ஆர் வந்த நாள். போன வாரம் அவர் போன் செய்து, "இது நம்பலாமா மாப்ள" என்று கேட்கவில்லை. "1.79 மாப்ள, ஆர்டர் போட்டுட்டேன்" என்றார்.